மெமரி காட் திரும்பத் திரும்பப் பழுதாகிறதா? ஃபோர்மட் செய்தபின் எத்தனை நாள் தாங்குகிறது என்று பாருங்கள்

வாகனத்து டாஷ் கமராவோ வீட்டுச் சுவரில் உள்ள கமராவோ "காட் பிழை" என்று கத்துகிறது. ஃபோர்மட் செய்கிறீர்கள், சரியாகிறது. கொஞ்ச நாளில் மறுபடியும் அதே கத்தல். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் புதுக் காட் வாங்கிவிடுகிறார்கள். சிலருக்கு அது சரிவருகிறது, சிலருக்குப் புதுக் காட்டும் அதே வழியில் போகிறது. காரணம் ஒன்றல்ல, நான்கைந்து. எந்தக் காரணம் என்று பிரித்தறிய முதலில் பார்க்கவேண்டியது, ஃபோர்மட் செய்த நேரத்துக்கும் பிழை திரும்பிய நேரத்துக்கும் இடையில் என்ன நடந்தது என்பதைத்தான்.

அதனால் அடுத்த முறை ஃபோர்மட் செய்யும்போது திகதியை எங்காவது குறித்து வையுங்கள். பிழை வந்ததும் அந்தத் திகதியையும் எழுதுங்கள். வாகனத்தை நிறுத்திய பிறகு வந்ததா, கரண்ட் போய் வந்த பிறகா, காட் ஒரு தடவை நிரம்பிய பிறகா, வெயிலில் நிறுத்தி வைத்த மத்தியானத்திலா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று தடவை குறித்தாலே போதும், கீழே உள்ளதில் உங்களுடையது எது என்று தெரிந்துவிடும்.

ஃபோர்மட்டுக்கு முன் ஒரு வார்த்தை. விபத்தோ களவோ நடந்திருந்து அந்தக் காட்சி தேவை என்றால், வேறு எதையும் செய்யாமல் காட்டைக் கழற்றிக் கணினியில் போட்டு, திறக்கக்கூடிய எல்லாவற்றையும் முதலில் பிரதி எடுங்கள். விண்டோஸ் "பிழை இருக்கிறது, திருத்தவா?" என்று கேட்கும். பிரதி எடுக்கும்வரை வேண்டாம் என்று மூடிவிடுங்கள். அந்தத் திருத்தம் சிதைந்த வீடியோத் துண்டுகளை `FOUND.000` என்ற ஃபோல்டருக்குள் பெயர் மாற்றிப் போட்டுவிடும், பிறகு எது எந்த நேரத்துப் பதிவு என்று கண்டுபிடிப்பது பெரும் பாடு. என்ன பழுது என்று பார்க்க மட்டும் வேண்டுமென்றால், காட் `E:` என்று காட்டினால், இதை அடியுங்கள்:

```
chkdsk E:
```

பின்னால் `/f` போடாதவரை இது எதையும் மாற்றாது, பார்த்துச் சொல்ல மட்டும் செய்யும்.

நிறுத்திய பிறகு, அல்லது கரண்ட் போய் வந்த பிறகு பிழை வருகிறது

இதுதான் அதிகம் காணப்படுவது. குற்றவாளி காட் அல்ல, மின்சாரம். காட்டுக்குள் வீடியோ ஓரிடத்திலும், எந்த வீடியோ எங்கே இருக்கிறது என்ற அட்டவணை வேறோர் இடத்திலும் எழுதப்படுகின்றன. கமராக்கள் பாவிக்கும் FAT32, exFAT இரண்டு முறைகளிலும், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் பாதியில் விட்ட வேலையைத் தானே திருத்திக்கொள்ளும் ஏற்பாடு இல்லை. கடைக்காரர் சாமானைக் கொடுத்துவிட்டுக் கொப்பியில் எழுதுமுன் விளக்கு அணைந்தது போலத்தான்: சாமானும் கணக்கும் ஒத்துவராது. ஒருநாள் ஒத்துவராத கணக்கின்மேல் மறுநாள் இன்னொன்று சேர்ந்தால், கமரா காட்டையே ஏற்க மறுக்கும்.

நல்ல கமராவில் இதற்காகவே உள்ளே ஒரு சிறு லித்தியம் பட்டரியோ சூப்பர் கப்பாசிற்றரோ இருக்கும். திறப்பை நிறுத்தியதும் அது சில வினாடிகள் மின்சாரம் கொடுத்துக் கடைசி ஃபைலை மூடவைக்கும். பட்டரி வகைக்கு எங்கள் பக்கத்து வெயில் எமன். முன்கண்ணாடியில் ஒட்டியபடி கச்சான் காலத்து மத்தியானம் முழுக்கக் காய்ந்தால் அந்தப் பட்டரி ஓரிரு வருடத்திலேயே உப்பிவிடலாம், அல்லது சார்ஜ் பிடிக்காமல் போகலாம். கமராவோ வெளியே பார்க்க நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

சோதிப்பது சுலபம். கமரா பதிவு செய்துகொண்டிருக்கும்போது வயரைக் கழற்றுங்கள். திரை ஓரிரண்டு வினாடி எரிந்து, நிறுத்தும் சத்தம் போட்டு அணைந்தால் பட்டரி உயிரோடு இருக்கிறது. கழற்றிய கணமே இருண்டால் அது செத்துவிட்டது. இன்னொரு தடயமும் உண்டு: ஒவ்வொரு தடவை நிறுத்தி எடுத்த பிறகும் கமராவின் திகதி ஏதோ பழைய ஜனவரி முதலாம் திகதிக்குப் போகிறதா? கடைசி ஃபைல் மட்டும் எப்போதும் பூச்சிய அளவில் அல்லது ஓடாமல் இருக்கிறதா? இரண்டும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம். கமராவின் முதுகு உப்பியிருந்தாலோ திரை ஓரம் எழும்பியிருந்தாலோ அழுத்திப் பார்க்காதீர்கள், சார்ஜில் போடவும் வேண்டாம்.

பட்டரி மாற்ற முடிந்தால் மாற்றலாம். அதுவரை, எஞ்சினை நிறுத்துமுன் கமராவின் பொத்தானை அழுத்தி அணைத்துவிட்டு, திரை இருண்ட பிறகு திறப்பைத் திருப்புங்கள். புதிதாக வாங்குபவர்கள் சூப்பர் கப்பாசிற்றர் உள்ளதையே கேட்டு வாங்குவது நல்லது. வெயிலை அது பட்டரியைவிட நன்றாகத் தாங்கும்.

வாகனத்தில் இன்னோர் ஒளிந்த நேரமும் உண்டு: ஸ்டார்ட் செய்யும் நேரம். திறப்பை முதல் நிலைக்குத் திருப்பியதும் லைட்டர் சொக்கட்டுக்குக் கரண்ட் வருகிறது, கமரா எழும்பி முதல் ஃபைலைத் திறக்கிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பெரும்பாலான வாகனங்களில் அந்தச் சொக்கட்டுக்கான கரண்ட் நின்று மறுபடி வருகிறது. உயிருள்ள பட்டரி இதை உணரவே விடாது. செத்த பட்டரி உள்ள கமராவுக்கோ இது தினமும் நடக்கும் மின்தடை. அமைப்பில் தாமதமாகத் தொடங்கும் வசதி இருந்தால் 10 வினாடி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகு பிளக்கைச் செருகுங்கள். கமராவோடு வந்த சார்ஜரை விட்டுவிட்டு வாகனத்து ரேடியோ செற்றின் யூஎஸ்பி துளையில் செருகுவதும் தவறு. பல செற்றுகளின் துளை அரை அம்பியர்தான் தரும், முன்னும் பின்னும் இரண்டு கமரா இருந்து சேர்ந்து எழுதும்போது அது காணாது.

முதல் தடவை நிரம்பும்வரை நல்லது, அதன்பிறகு குழப்பம்

புதுக் காட். முதல் நாளோ இரண்டு நாளோ நன்றாகப் பதிகிறது. பிறகு சில ஃபைல்கள் ஓடுகின்றன, சில ஓடவில்லை, அல்லது கமரா அடிக்கடி நின்று எழும்புகிறது. ஃபோர்மட் செய்தால் மறுபடி அதே அளவு நேரம் நல்லது. இந்தக் கிரமமான இடைவெளி போலிக் காட்டின் அடையாளம். 64 ஜிபி என்று அச்சிட்டு, உள்ளே 8 அல்லது 16 ஜிபி மட்டும் இருக்கும். கணினியும் ஏமாந்து 64 என்றே காட்டும். உண்மையான இடம் முடிந்ததும் எழுதுவது காற்றில் போகும், அல்லது முன்பு எழுதியதன்மேல் விழும்.

இதைப் பிடிக்க விண்டோஸில் `H2testw` என்ற இலவச நிரலைப் பாவியுங்கள். காட்டை ஃபோர்மட் செய்து வெறுமையாக்கி, `Select target` இல் காட்டைத் தெரிந்து, `all available space` ஐ விட்டுவைத்து, `Write + Verify` ஐ அழுத்துங்கள். காட் முழுவதையும் எழுதி, பிறகு எழுதியதை வாசித்து ஒப்பிடும். 64 ஜிபி காட்டுக்கு வினாடிக்கு 20 எம்பி வேகத்தில் எழுத மட்டும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் ஆகும், வாசிக்க இன்னும் கொஞ்சம். இடையில் கரண்ட் போனால் மறுபடி தொடக்கத்திலிருந்துதான், ஆகவே லாப்டொப்பில் செய்யுங்கள். முடிவில் `Test finished without errors` என்று வந்தால் கொள்ளளவு உண்மை. `The media is likely to be defective` என்று வந்து, கீழே பெரிய அளவு `DATA LOST` என்று காட்டினால் காட்டைக் கடைக்கே திருப்பிக் கொடுங்கள். ஃபோர்மட் செய்து மீட்க அங்கே ஒன்றும் இல்லை. புதுக் காட் எதையும் கமராவில் போடுமுன் இந்தச் சோதனையை ஒருமுறை செய்வது என் கணக்கில் கட்டாயம். திருப்பிக் கொடுக்கக் கடைக்காரர் ஒத்துக்கொள்ளும் நாட்களுக்குள் செய்தால்தான் பயன்.

போலி இல்லை, ஆனாலும் கமரா ஒவ்வொரு தடவை எழும்பும்போதும் ஃபோர்மட் கேட்கிறது என்றால், கையேட்டில் உயர்ந்தபட்சக் கொள்ளளவைப் பாருங்கள். 32 ஜிபி வரையான காட்டுகள் FAT32 இலும், 64 ஜிபியும் அதற்கு மேலும் exFAT இலும் வருகின்றன. பழைய கமராக்கள் சில FAT32 தவிர வேறெதையும் வாசிக்காது. அப்படியானதில் 64 ஜிபி காட்டைக் கமராவுக்குள்ளேயே ஃபோர்மட் செய்து பாருங்கள், ஏற்றுக்கொண்டால் நல்லது.

மாதக் கணக்கில் நன்றாக ஓடிவிட்டு, இடைவெளி சுருங்கிக்கொண்டே வருகிறது

முதலில் நான்கு மாதம் பிழையில்லை. பிறகு ஃபோர்மட் செய்தால் ஒரு மாதம், அடுத்தது இரண்டு வாரம், அடுத்தது மூன்று நாள். இது தேய்மானம். காட்டுக்குள் உள்ள ஒவ்வொரு நினைவுக் கலமும் குறிப்பிட்ட தடவைகள்தான் அழித்து எழுதத் தாங்கும். ஃபோர்மட் அட்டவணையைப் புதிதாக்குமே தவிர, தேய்ந்த கலத்தை இளமையாக்காது.

மட்டக்களப்பிலிருந்து மன்னம்பிட்டி, பொலன்னறுவை, ஹபரணை வழியாகக் கொழும்புக்கு ஓடும் வாடகை வான் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்னும் பின்னும் பதியும் இரட்டைக் கமரா, 64 ஜிபி சாதாரணக் காட். எவ்வளவு எழுதுகிறது என்று அறிய எந்தக் கையேடும் வேண்டாம், காட்டில் உள்ள ஒரு நிமிட ஃபைல்களின் அளவைப் பார்த்தால் போதும். முன்கமரா ஃபைல் 150 எம்பி, பின்கமரா ஃபைல் 90 எம்பி என்று வைப்போம். நிமிடத்துக்கு 240 எம்பி, மணித்தியாலத்துக்கு 14.4 ஜிபி. 64 ஜிபி காட் நான்கரை மணித்தியாலத்துக்குள் நிரம்பிப் பழையதன்மேல் எழுதத் தொடங்கிவிடும். அதாவது வான் கொழும்பைத் தொடும்போது மட்டக்களப்பில் ஏறியவர்களின் காட்சி காட்டில் இல்லை. போய்வர 15 மணித்தியாலம், மாதம் 25 நாள் ஓட்டம் என்றால் 375 மணித்தியாலம். மாதத்துக்கு 5.4 டெராபைட். காட் முழுவதும் மாதம் 84 தடவை அழித்து எழுதப்படுகிறது.

இனி தாங்குதிறன் எண்ணுக்கு வருவோம். சான்டிஸ்க் ஹை என்டியூரன்ஸ் 64 ஜிபி காட்டுக்குச் சொல்லப்படுவது 5,000 மணித்தியாலம். அதே கம்பனியின் மேக்ஸ் என்டியூரன்ஸ் 64 ஜிபிக்கு 30,000 மணித்தியாலம். இரண்டும் நீண்டநேரப் பதிவுக்கென்றே விற்கப்படுபவை, பெட்டியும் ஏறக்குறைய ஒரே மாதிரி, வித்தியாசம் ஆறு மடங்கு. பலர் கவனிக்காத இன்னொன்று, இந்த மணித்தியாலங்கள் வினாடிக்கு 26 மெகாபிட் எழுதும் கமராவுக்கான கணக்கு என்பது. நம் வானின் 240 எம்பி ஒரு நிமிடத்துக்கு என்றால் வினாடிக்கு 4 எம்பி; ஒரு எம்பி எட்டு மெகாபிட், ஆகவே வினாடிக்கு 32 மெகாபிட். ஆகவே பெட்டியில் உள்ள எண்ணை 26 ஆல் பெருக்கி 32 ஆல் பிரியுங்கள். 5,000 என்பது ஏறக்குறைய 4,060 ஆகிறது. மாதம் 375 மணித்தியாலத்தில் அது 11 மாதம் கூட வராது. மேக்ஸ் என்டியூரன்ஸ் அதே கணக்கில் ஐந்து வருடம் தாண்டும்.

கொள்ளளவைக் கூட்டினாலும் ஆயுள் அதே விகிதத்தில் கூடும், ஏனென்றால் எழுத்துச் சுமை அதிக கலங்களில் பரவுகிறது. ஹை என்டியூரன்ஸ் 256 ஜிபிக்கு 20,000 மணித்தியாலம், நம் வானில் மூன்றரை வருடம். போய்வரும் முழுப் பயணமும் காட்டில் நிற்கும் என்ற லாபமும் சேர்கிறது. கமரா ஏற்குமானால் இரட்டைக் கமராவுக்கு 128 ஜிபிக்குக் குறையாமல் போடுவதே என் பரிந்துரை. இவை எல்லாம் கம்பனி சொல்லும் உச்ச எண்கள், அத்துடன் வெயில் இந்தக் கணக்கில் வராது. அதனால் நான் எப்போதும் கணக்கிட்ட ஆயுளின் முக்கால் பங்கில் காட்டை மாற்றச் சொல்வேன்.

சாதாரணக் காட்டின் பெட்டியில் மணித்தியால எண் இருக்காது. "பத்து வருட உத்தரவாதம்" என்று பெரிதாக இருக்கலாம், ஆனால் பல கம்பனிகளின் உத்தரவாத நிபந்தனை டாஷ் கமரா, கண்காணிப்புக் கமரா போன்ற தொடர் பதிவைச் சிறிய எழுத்தில் விலக்கிவைக்கிறது. வேகக் குறிகளைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். வி30, யூ3 என்பவை எவ்வளவு வேகமாக எழுதும் என்று சொல்பவை, எவ்வளவு காலம் எழுதும் என்பதல்ல. ஏ1, ஏ2 போனில் ஆப் ஓடுவதற்கான குறிகள், கமராவுக்குத் தேவையே இல்லை.

"காட் மெதுவாக உள்ளது" என்ற செய்தி மட்டும் வந்தால் உடனே தேய்மானம் என்று முடிவெடுக்காதீர்கள். குழி விழுந்த வீதியில் அதிர்ச்சி உணரியின் உணர்திறன் உயர்ந்த நிலையில் இருந்தால், ஒவ்வொரு குலுக்கலையும் விபத்து என்று நினைத்துக் கமரா அந்த ஃபைலைப் பூட்டிவிடும். பூட்டிய ஃபைல்கள் அங்கங்கே சிதறிக் கிடக்க, இடையில் உள்ள துண்டு இடங்களில் புதியதை எழுதவேண்டியிருக்கும். உணர்திறனைக் குறைந்த நிலைக்கு மாற்றிக் கமராவுக்குள்ளேயே ஃபோர்மட் செய்யுங்கள். செய்தி மாதக்கணக்கில் வராவிட்டால் சிதறல்தான் காரணம். சில நாளிலேயே திரும்பினால் தேய்மானம்.

ஃபோர்மட் ஆகிறது, ஆனால் பழைய ஃபைல்கள் திரும்ப வந்துவிடுகின்றன

முடிவு வந்துவிட்டது. காட் தன் கலங்களை இனி நம்ப முடியாது என்று கண்டதும் எழுதும் வழியைப் பூட்டிவிடுகிறது. அழித்தால் அழிந்ததாகக் காட்டும், கழற்றிப் போட்டால் எல்லாம் அப்படியே இருக்கும். எந்த நிரலாலும் திறக்க முடியாது. பூட்டினாலும் பழைய பதிவுகள் வாசிக்கக் கிடைக்கும், தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள். பொலிஸ் முறைப்பாட்டுக்கு வேண்டிய காட்சி அதில் இருந்தால் காட்டையே ஒரு உறையில் போட்டுத் திகதி எழுதி வைத்துவிடுங்கள்.

ஃபோர்மட்டை எங்கே, எப்போது செய்வது

எப்போதும் கமராவின் மெனுவிலேயே. கமரா தனக்கு வேண்டிய ஃபோல்டர்களையும் அமைப்பையும் தானே போட்டுக்கொள்ளும். போனில் ஃபோர்மட் செய்தால் போன் தன் ஃபோல்டர்களை உருவாக்கிவைக்கும், காட்டைத் தன் உள்நினைவாக்கவா என்று கேட்டு நீங்கள் ஆம் என்று அழுத்திவிட்டால் கமரா அதை வாசிக்கவே முடியாது. அப்படிக் கெட்ட காட்டைக் கணினியில் `SD Memory Card Formatter` கொண்டு விரைவு முறையில் ஒருமுறை ஃபோர்மட் செய்து, பிறகு கமராவில் மறுபடி செய்யுங்கள்.

தினமும் ஓடும் வாகனத்துக்கு மாதம் ஒருமுறை போதும். அதனால் காட் தேயும் என்று பயப்படவேண்டாம், விரைவு ஃபோர்மட் எழுதுவது மிகச் சிறிது. கெடுப்பது வேறு பழக்கம்: காட்டைக் கணினியில் போட்டு, வேண்டாத ஃபைல்களை ஒவ்வொன்றாக அழிப்பது. பிரதி எடுங்கள், அழிக்கும் வேலையைக் கமராவின் ஃபோர்மட்டுக்கு விடுங்கள். காட்டைக் கழற்றுமுன் கமராவை அணைத்து, விளக்கு நின்ற பிறகே அழுத்துங்கள். பதிவின் நடுவில் காட்டைப் பிடுங்குவதும் வயரைப் பிடுங்குவதும் காட்டுக்கு ஒன்றுதான்.

வீட்டுச் சுவரில் உள்ள கமரா

இங்கே கணக்கு தலைகீழ். வினாடிக்கு 2 மெகாபிட் எழுதும் வீட்டுக் கமரா 24 மணித்தியாலமும் பதிந்தாலும் நாளுக்கு 21.6 ஜிபிதான், வருடத்துக்கு 8 டெராபைட்டுக்கும் குறைவு. வானில் 11 மாதத்தில் முடியும் அதே ஹை என்டியூரன்ஸ் 64 ஜிபி, இங்கே கணக்குப்படி ஏழு வருடம் நிற்கும். ஆகவே வீட்டுக் கமராவின் காட் ஆறு மாதத்தில் கெட்டால் தேய்மானத்தைத் தேடாதீர்கள், மின்சாரத்தைத் தேடுங்கள். இந்தக் கமராக்கள் பெரும்பாலானவற்றில் உள்பட்டரி இல்லை, ஒவ்வொரு மின்தடையும் நேராகக் காட்டில் விழுகிறது. மாரியில் இடிமின்னலோடு கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும் இரவுகள்தான் மோசம்.

2022 மின்வெட்டுக் காலத்தில் ரவுட்டருக்கு என்று பலர் வாங்கிய மினி யூபிஎஸ் இன்னும் வீட்டில் கிடந்தால் அதையே கமராவுக்கும் பாவிக்கலாம். அதில் பொதுவாக 5, 9, 12 வோல்ட் துளைகள் தனித்தனியே இருக்கும். கமராவின் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பார்த்து அதே துளையில் செருகுங்கள். 5 வோல்ட் கமராவை 12 வோல்ட் துளையில் செருகினால் போவது காட் மட்டுமல்ல, கமராவும்தான். கல்லடி, காத்தான்குடி, கல்முனை போலக் கடலோரத்தில் வெளிச்சுவரில் கமரா இருந்தால் காட் செருகும் துளையின் ரப்பர் மூடி சரியாக அமர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உப்புக் காற்றில் தொடுமுனைகள் மங்கினால் கமரா காட்டைச் சிலவேளை காணும், சிலவேளை காணாது. கரண்ட்டை நிறுத்திக் காட்டைக் கழற்றி, தங்க நிற முனைகளை உலர்ந்த மென்மையான துணியால் துடைத்துப் போட்டு ஒரு வாரம் கவனியுங்கள்.